கூறைச் சிவப்பை அடக்க எந்த வழி? முகத்தைத் தொடாமல் செய்யும் நான்கு முறைகளின் ஒப்பீடு

திருகோணமலையில் கலியாண வீடியோ வெட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணை, கூறை எரியிற மாதிரி சிவக்குது. குறைக்கப் போனால் பொம்பிளையின்ர முகம் வெளிறிப்போகுது. Qualifier போடுறதோ, Hue vs Sat போடுறதோ?" நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்காக விளம்பர வீடியோ செய்யும் பெடியன்களுக்கும் இதே தலையிடிதான். அவர்களுக்குக் கூறைக்குப் பதில் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி.

இரண்டு வழியில் எது நல்லது என்று கேட்டால், இரண்டுமே இல்லை என்பதுதான் என் பதில். பக்கத்திலேயே இருக்கும் Sat vs Sat என்ற வளைகோட்டைப் பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதுவும் எல்லா இடத்திலும் உதவாது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் DaVinci Resolve-ஐ வைத்தே சொல்கிறேன். இங்கே பேசப்போகும் கருவிகள் எல்லாம் அதன் இலவசப் பதிப்பிலேயே உண்டு. Premiere வைத்திருப்பவர்களுக்கு Lumetri-க்குள் இந்த வளைகோடுகள் இதே பெயரில் இருக்கின்றன.

## முதலில், சிவப்பு எங்கே வெட்டுப்பட்டது?

கருவியைத் தெரிவதற்கு முன் இதற்கு விடை தெரிய வேண்டும். இல்லாத விவரத்தை மீட்கப் போய் ஒரு நாளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

மண்டப வெளிச்சத்தில் எடுத்த ஒரு பட்டுக் கூறையில் நிறமானியை வைத்தால் R 255, G 18, B 30 போல ஓர் அளவு வரும். சிவப்பு அலைவரிசை உச்சியில் முட்டி நிற்கிறது. ஆனால் இதே புள்ளியின் ஒளிர்வைக் கணக்கிட்டுப் பாருங்கள். Rec.709-இல் ஒளிர்வுக்குச் சிவப்பு தருவது 0.2126 பங்கு, பச்சை 0.7152, நீலம் 0.0722. கூட்டினால் கிட்டத்தட்ட 69; அதாவது முழு அளவில் 27 வீதம். மிகை வெளிச்சத்தை எச்சரிக்கும் கமராவின் வரிக்குதிரைக் கோடு பார்ப்பது ஒளிர்வை. 27 வீதத்துக்கு அது ஒருநாளும் எழும்பாது. ஒளிர்வை மட்டும் காட்டும் அலைவடிவமும் "எல்லாம் சரி" என்றே சொல்லும். மண்டபத்தில் நல்லாகத் தெரிந்த கூறை வீட்டில் கொம்பியூட்டரில் பிளாஸ்ரிக் மாதிரி மடிப்பே இல்லாமல் வருவதன் காரணம் இது. பார்க்க வேண்டியது Parade. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுவது அதுதான்.

கூறை பெரிதாகத் தெரியும் ஒரு காட்சியை எடுத்து, Parade-ஐத் திறந்து, LUT என்ற நிறமாற்றக் கோப்பு போட்டிருந்தால் அதற்கு முன்னால் உள்ள நோட்டில், Gain-ஐ மெல்ல இறக்குங்கள். உச்சியில் அமுங்கிக் கிடந்த சிவப்பு கீழே வரும்போது மேடு பள்ளமாக விரிந்தால், விவரம் கோப்பில் இருக்கிறது. உங்கள் கிரேடிங்கோ LUT-ஓதான் அதை மேலே தள்ளியிருக்கிறது. மட்டமான கோடு மட்டமாகவே கீழே இறங்கினால், அது கமராவிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. அப்போது நீங்கள் செய்வது மீட்பு அல்ல, ஒப்பனை. இரண்டுக்கும் வழி உண்டு, எதிர்பார்ப்புத்தான் வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது

எனக்கு முக்கியமானவை நான்கு. முகம், உதடு, கை மூன்றும் அசையக் கூடாது. கூறையின் ஓரத்தில், கழுத்தோடும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியோடும் அது முட்டும் இடத்தில், கோடோ மினுக்கமோ வரக் கூடாது. அடங்கிய பிறகும் அது சிவப்பாகவே இருக்க வேண்டும். ரோசாவாகப் போனால் பொம்பிளையின் தாய் முதலில் கேட்பது அதைத்தான். கடைசியாக, ஒரு காட்சிக்குச் செய்ததை அப்படியே அடுத்த காட்சிக்கு ஒட்ட முடிய வேண்டும். ஒரு கலியாணத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும்போது இந்த நான்காவதுதான் உங்கள் நித்திரையைத் தீர்மானிக்கிறது.

முதலாவது ஏன் இவ்வளவு கடினம் என்பதை ஒரே காட்சியின் அளவுகளில் பார்க்கலாம். நிறச்சாயல் என்பது நிறவட்டத்தில் எந்தப் பாகையில் அந்த நிறம் நிற்கிறது என்பது. நிறச்செறிவுக்கு, மூன்று எண்ணில் பெரியதில் இருந்து சிறியதைக் கழித்துப் பெரியதால் வகுத்திருக்கிறேன்.

| இடம் | R, G, B | நிறச்சாயல் | நிறச்செறிவு |
|---|---|---|---|
| கூறை | 255, 18, 30 | 357° | 93% |
| உதடு | 140, 62, 62 | 0° | 56% |
| நாடி, கூறையின் எதிரொளி விழுந்தது | 128, 70, 58 | 10° | 55% |
| கன்னம் | 142, 96, 72 | 21° | 49% |
| செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி | 255, 80, 20 | 15° | 92% |

நிறச்சாயலில் பாருங்கள்: கூறைக்கும் உதட்டுக்கும் இடையில் மூன்று பாகை. அங்கியோ நாடிக்கும் கன்னத்துக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. நிறச்செறிவில் பாருங்கள்: உடம்பு முழுவதும் 49-க்கும் 56-க்கும் இடையில், துணி 90-க்கு மேலே. நடுவில் பெரிய வெற்றிடம். வெட்ட வேண்டிய இடம் அந்த வெற்றிடம்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா ஒப்பீடும் தானாக விளங்கும்.

## Qualifier

நிறமானியால் கூறையைத் தொட்டுத் தெரிவு செய்து, தெரிந்த பகுதியின் நிறச்செறிவைக் குறைப்பது. எல்லாரும் முதலில் படிப்பது இது. அசையாத கமரா, 10-பிட் கோப்பு, தெளிவான வெளிச்சம் என்றால் சுத்தமாக வேலை செய்யும். சாயல், செறிவு, ஒளிர்வு மூன்றையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தும் கருவி என்பதால் உதட்டைத் தவிர்க்கவும் முடியும்.

இதன் மறைந்திருக்கும் செலவு ஓரத்தில் இருக்கிறது. நம்மில் பலர் பாவிக்கும் கமராக்களும் போன்களும் 4:2:0 முறையில்தான் பதிகின்றன. அதாவது நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். ஒளிர்வு 1920×1080 இருந்தாலும் நிறம் 960×540-தான். ஆகவே கூறையும் கழுத்தும் சேரும் இடத்தில் உள்ள புள்ளிகள் பாதி கூறை, பாதி கழுத்து. உங்கள் தெரிவு நடுக் கூறையைப் பிடிக்கும். அந்தக் கலப்புப் புள்ளிகளைப் பிடிக்காது. நடுப்பகுதியை அடக்கியதும், அடங்காத ஓரம் மெல்லிய சிவப்புக் கோடாகக் கழுத்தைச் சுற்றி எழும்பும். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கசிவை நீங்களே கோடு போட்டுக் காட்டியதாக முடியும்.

மற்றது மினுக்கம். 8-பிட் கோப்பில், இருண்ட மடிப்புகளில் தெரிவு ஒவ்வொரு பிரேமிலும் கொஞ்சம் மாறும். Shift+H அழுத்தித் தெரிவை மட்டும் பார்த்தபடி ஓடவிட்டால், மடிப்புக்குள் எறும்பு ஊர்வது போலத் தெரியும். Blur Radius-ஐக் கூட்டினால் எறும்பு போகும். தெரிவு நாடிக்கும் படரும். மணவறையில் பொம்பிளை எழுந்து வலம் வரும்போது வெளிச்சம் மாறும். அப்போது தெரிவும் உடையும். ஒவ்வொரு துண்டையும் திரும்பத் தொட வேண்டும்.

என் கணக்கில் இது ஒரு காட்சிக்கான கருவி. விளம்பரத்தில் வரும் ஒரே ஒரு நெருக்கக் காட்சிக்குப் போடுங்கள். முழுக் கலியாணத்துக்கும் போடாதீர்கள்.

## Hue vs Sat

வேகத்தில் இதை அடிக்க ஏதும் இல்லை. கூறையில் ஒரு சொடுக்கு, வளைகோட்டில் மூன்று புள்ளி விழும், நடுப் புள்ளியைக் கீழே இழுத்தால் முடிந்தது. தெரிவின் கூரிய விளிம்பு இல்லாததால் ஓரக் கோடும் குறைவு. டைம்லைன் முழுவதற்கும் ஒட்டலாம்.

ஆனால் இது சாயலை மட்டுமே பார்க்கிறது. மேலே உள்ள அட்டவணைப்படி 357 பாகையை இறக்கினால் 0 பாகையில் இருக்கும் உதடும் சேர்ந்து இறங்கும். பக்கப் புள்ளியை அகலமாக வைத்தால் 10 பாகை நாடியும் போகும். நாடி சாம்பலாகி, கன்னம் மட்டும் உயிரோடு இருந்தால் முகம் இரண்டாகப் பிரிந்த மாதிரி இருக்கும். "முகம் வெளிறிப்போகுது" என்று கேட்டவரின் சிக்கல் இதுதான். அவர் கன்னத்தைப் பார்த்து, "அது மாறவில்லையே, பிறகு ஏன்?" என்று குழம்புகிறார். மாறியது உதடும் நாடியும்.

எது பிடிபடுகிறது என்று தெரிய ஒரு சோதனை. புள்ளியை ஒரு கணம் அடிமட்டம் வரை இழுங்கள். படத்தில் எவையெல்லாம் கறுப்பு வெள்ளையாகின்றனவோ அவை எல்லாம் உங்கள் கருவியின் பிடிக்குள். உதடு சாம்பலானால் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சோதனை செறிவை மாற்றும் எல்லா வளைகோட்டுக்கும் பொருந்தும்.

இது சிறந்து நிற்கும் இடமும் உண்டு. துணி சிவப்பில் இருந்து நாவல் பக்கம் சாய்ந்த மெரூன், றாணி நிறம் போன்றது என்றால், சாயல் 340 பாகைக்குக் கீழே போய்விடும், உதட்டுக்குத் தூரம். அப்போது வேறொன்றும் தேவையில்லை. செம்மஞ்சள் அங்கிக்கு மட்டும் இதைக் கனவிலும் போடாதீர்கள்: 15 பாகையை இறக்கினால் படகில் உள்ள எல்லாருக்கும் காமாலை தீர்ந்து இரத்தசோகை வந்துவிடும்.

## Sat vs Sat

இந்த வளைகோட்டின் இடப்பக்கம் வெளிறிய நிறங்கள், வலப்பக்கம் செறிந்த நிறங்கள். செய்வது இவ்வளவே: நிறமானியால் கன்னத்தில் ஒரு சொடுக்கு, கூறையில் ஒரு சொடுக்கு. கன்னத்தின் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கூறையின் புள்ளியைக் கீழே இழுத்து, வலது முனையை அதைவிடச் சற்றுக் கூடவே இறக்குங்கள். உடம்பு இருக்கும் பகுதியில் கோடு நேராக இருப்பதால் அங்கே எதுவும் நடக்காது. உதடும் நாடியும் சாயலில் கூறைக்குப் பக்கத்தில் இருந்தாலும் செறிவில் தூரம் என்பதால் தப்பிவிடும்.

ஓரத்திலும் இதுதான் மேல். கலப்புப் புள்ளிகள் செறிவில் இடைநிலையில் இருப்பதால், அவற்றுக்கு இடைநிலை அளவு குறைப்பே கிடைக்கும். வளைகோடு வழுக்கிக்கொண்டு போகிறது. கோடு விழ இடமில்லை.

செலவு வேறு இடத்தில். இது சாயலைப் பார்க்காததால், செறிந்த எதையும் விடாது. மணவறையின் வாழையிலைப் பச்சை, மாலையின் மஞ்சள், மாப்பிள்ளையின் தலைப்பாகைக் கரை எல்லாம் ஒரு படி அடங்கும். நெற்றிக் குங்குமத்தின் செறிவும் 90-ஐ ஒட்டியதுதான், அதுவும் அடங்கும். 20 வீதக் குறைப்பில் பொட்டு மங்கியதாக யாரும் சொல்வதில்லை. 40 வீதம் போனால் கட்டாயம் கேட்பார்கள்.

இன்னொரு எல்லை, நம் தோலின் நிறத்துக்கே உரியது. கறுத்த தோல், மஞ்சள் குமிழ் வெளிச்சம், வெயர்வை மூன்றும் சேரும்போது கன்னத்தின் செறிவு 49-இல் நிற்காது. 65, 70 என்று ஏறும். ஓமத் தீ வெளிச்சத்தில் இன்னும் மேலே. அப்போது நடுவில் உள்ள வெற்றிடம் சுருங்கிவிடும். கன்னத்தில் சொடுக்கும்போது புள்ளி வளைகோட்டின் வலப்பக்கம் விழுந்தால் அதுதான் அடையாளம். முதலில் வெண்சமநிலையைச் சரிசெய்து குமிழின் மஞ்சளை எடுங்கள், பிறகு இந்தக் கருவிக்கு வாருங்கள். வரிசை மாறினால் முகம் கொஞ்சம் போகும்.

## LUT-க்கு முன்னால் நிறப்பரப்பை ஒடுக்குவது

வெளிறிய, தட்டையான Log நிறத்தில் எடுக்கிறவர்களுக்கு மட்டும். Log கோப்பில் கூறை பெரும்பாலும் வெட்டுப்படாமலே இருக்கும். அதன் மேல் போடும் 709 LUT-தான் பெரிய நிறப்பரப்பில் இருந்து சிறியதுக்குள் அமுக்கும்போது சிவப்பை உச்சியில் நசுக்குகிறது. LUT நசுக்கிய பிறகு வரும் நோட்டில் நீங்கள் எந்த வளைகோட்டை இழுத்தாலும் நசுங்கினது நசுங்கினதுதான். அடக்கும் நோட் LUT-க்கு முன்னால் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மாற்றியே பாதிப் பேரின் கூறை சரியாகிவிடும்.

இன்னும் நல்லது, LUT-ஐயே எடுத்துவிட்டு Color Space Transform போடுவது. உள்ளே Gamut Mapping Method என்ற இடத்தில் Saturation Compression-ஐத் தெரிந்தால் Saturation Knee என்று ஒரு அளவு வரும். அந்த முழங்காலுக்குக் கீழே உள்ள நிறங்கள் அப்படியே. மேலே உள்ளவை மட்டும் மெல்ல மடக்கப்படும். 0.9-இல் தொடங்கி, மடிப்புகள் தெரியும் வரை 0.8 பக்கம் இறக்கிப் பாருங்கள். தத்துவம் Sat vs Sat-இனது போன்றதுதான், ஆனால் வெட்டுப்படுவதற்கு முன்னாலேயே நடக்கிறது. மடிப்பு உண்மையிலேயே திரும்பி வரும் ஒரே வழி இது.

மறைந்த செலவு: நீங்கள் பழகிய LUT-இன் தோற்றம் போய்விடும். முகத்தின் மாறுபாடு வேறாக இருக்கும். அதைத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டு கமராவில் ஒன்று Log, மற்றது சாதாரண நிறம் என்றால், இதனால் சரியாவது ஒன்று மட்டும். மற்றதைப் பொருத்த வேறு வேலை. சாதாரண நிறத்தில் எடுத்த கோப்புக்கு இந்த வழி பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| | முகம், உதடு | ஓரம் | மடிப்பு திரும்புமா | ஒட்டலாமா | எப்போது |
|---|---|---|---|---|---|
| Qualifier | கவனமாகச் செய்தால் தப்பும் | கோடு, மினுக்கம் | இல்லை | காட்சிக்குக் காட்சி | ஒற்றை நெருக்கக் காட்சி |
| Hue vs Sat | உதடு, நாடி போகும் | பரவாயில்லை | இல்லை | ஆம் | மெரூன், றாணி நிறம் |
| Sat vs Sat | தப்பும், மஞ்சள் வெளிச்சம் தவிர | நல்லது | சற்று | ஆம் | கூறை, செம்மஞ்சள் அங்கி |
| LUT-க்கு முன் ஒடுக்கம் | தப்பும் | நல்லது | ஆம் | ஒரே கமராவுக்கு | Log கோப்பு |

## கூறைக் காட்சி ஒன்று, படிப்படியாக

சாதாரண நிறத்தில், 8-பிட்டில் எடுத்த தாலிகட்டுக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். Gain சோதனையில் சிவப்பு மட்டமாகவே இறங்கியது. அதாவது கமராவிலேயே வெட்டு.

முதல் நோட்டில் வெண்சமநிலையும் வெளிச்சமும். முகத்தை வைத்துச் செய்யுங்கள், கூறையைப் பார்க்கவே வேண்டாம். Vectorscope-இல் தோல்நிறக் கோட்டை இயக்கி, கன்னம் அதன் மேலேயோ ஒட்டியோ வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது நோட்டில் Sat vs Sat. ஆனால் இதே நோட்டில் ஒரு தளர்வான Qualifier-உம் போடுவேன். அதில் செறிவையும் ஒளிர்வையும் அணைத்துவிட்டு, சாயலை மட்டும் வைத்து, சிவப்பு முதல் செம்மஞ்சள் வரை அகலமாக, மென்மையைத் தாராளமாகக் கூட்டித் தெரிகிறேன். முகமும் அதற்குள் வந்துவிடும், வரட்டும். முகத்தைக் காப்பது வளைகோட்டின் வேலை. இந்தத் தெரிவு வாழையிலையையும் மயில்நீலச் சேலைக்காரரையும் வெளியே விடுவதற்கு மட்டும். விளிம்பு நம்மைக் கடித்துவிடாத தூரத்தில் இருப்பதால் மினுக்கமும் வருவதில்லை. இரண்டு கருவியின் நல்லதும் கிடைக்கும்.

எவ்வளவு இறக்குவது? செறிவை 20 வீதம் குறைத்தால் 255, 18, 30 என்ற கூறை ஏறத்தாழ 218, 28, 38 ஆகிறது. சிவப்பு உச்சியை விட்டு இறங்கிவிட்டது, இன்னும் கூறைச் சிவப்புத்தான். 40 வீதம் குறைத்தால் 181, 39, 46: செங்கல். பார்க்க வேண்டியது Parade-இல் சிவப்பு உச்சிக்குக் கீழே சற்று இடைவெளி விட்டதா என்பதை. விட்டதும் கையை எடுங்கள். அதற்கு மேல் இறக்கத் தோன்றினால், செறிவை விட்டுவிட்டு ஒளிர்வைக் கொஞ்சம் குறையுங்கள். பட்டு கனமாகத் தெரிவது இருளில்தான். செறிவை எடுத்துக்கொண்டே போனால் சிவப்புக்குள் பச்சையும் நீலமும் ஏறி, நிறம் ரோசாப் பக்கம் ஓடும்.

மடிப்பு? சிவப்பு அலைவரிசையில் ஒன்றும் இல்லை. ஆனால் பச்சை அலைவரிசையை மட்டும் தனியாகப் பாருங்கள். பல வேளை அங்கே மடிப்பு மங்கலாக உயிரோடு இருக்கும். பட்டின் மினுக்கம் பச்சையையும் கொஞ்சம் எழுப்பும். அதைக் கடன் வாங்கலாம். கூறையை மட்டும் இறுக்கித் தெரிந்த ஒரு நோட்டில் RGB Mixer-ஐத் திறந்து, Preserve Luminance-ஐ அணைத்து, Red Output-இல் சிவப்பை 0.75-க்கு இறக்கி, பச்சையை 0.4 ஆக்குங்கள். மடிப்பின் நிழலில் பச்சை 15, மேட்டில் 60 என்றால், மட்டமாக இருந்த சிவப்பு இப்போது 197-இல் இருந்து 215 வரை அசைகிறது. பதினெட்டுப் படி பெரிய விசயம் இல்லை. ஆனால் பிளாஸ்ரிக்குக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதினெட்டில் இருக்கிறது. இதைச் செய்தால் சிவப்பு ஏற்கெனவே இறங்கிவிடும் என்பதால் Sat vs Sat-இன் குறைப்பைப் பாதியாக்குங்கள். இந்த நோட் தோலில் பட்டால் முகம் உடனே நிறம் மாறும். இறுக்கமான தெரிவு வேண்டியிருப்பதால் Qualifier-இன் எல்லாத் தொல்லையும் இங்கே திரும்பி வரும். ஆகவே தாலிகட்டு, நெருக்க முகம் போன்ற சில காட்சிகளுக்கு மட்டும். பச்சை அலைவரிசையும் தரையில் மட்டமாகக் கிடந்தால் விட்டுவிடுங்கள். கடன் தர அங்கே ஒன்றும் இல்லை.

## செம்மஞ்சள் அங்கி

இங்கே தெரிவு இன்னும் சுலபம், ஏனென்றால் மற்றவை எல்லாம் தோற்றுவிட்டன. சாயலால் தோலையும் அங்கியையும் பிரிக்கவே முடியாது. Sat vs Sat மட்டும்தான், கூடவே அந்தத் தளர்வான சாயல் தெரிவு, கடலின் நீலத்தைக் காப்பாற்ற.

கூறையில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அங்கி கழுத்துக்கும் நாடிக்கும் கீழே ஒரு விளக்கு மாதிரி வேலை செய்யும். நாடியின் கீழ்ப்பக்கம் உண்மையிலேயே செம்மஞ்சளாக இருக்கும். அது கசிவு அல்ல, வெளிச்சம். கருவியால் அதைத் துடைக்கப் போகாதீர்கள். அங்கி மட்டும் அடங்கினால் நாடியின் நிறம் கண்ணுக்கு இயல்பாகவே படும். கதிர்காம நடைப்பயணிகளின் காவியும் இதே சாயல்தான், ஆனால் பல நாள் துவைத்து வெளிறிய பருத்திக் காவி செறிவில் தோலுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் அது வெட்டுப்படுவதும் இல்லை, அதைத் தனியாகப் பிடிக்கவும் முடியாது. புதுப் பொலியெஸ்ரர் காவி மட்டும்தான் அங்கியைப் போல நடந்துகொள்ளும்.

மேடையில் சிவப்பு LED முகத்திலேயே விழுந்திருந்தால் மேலே சொன்ன ஒன்றும் பலிக்காது. முகமும் துணியும் ஒரே செறிவில் இருக்கும். துணியைச் சுற்றி ஒரு Window வரைந்து தொடரச் செய்வது ஒன்றுதான் மிச்சம்; வரவேற்பு நடனம் முழுவதற்கும் அதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

## எடுக்கும்போதே, அனுப்பும்போதும்

எடிட்டிங்கில் செய்வதைவிட எடுக்கும்போது செய்வது மலிவு. சாதாரண நிறத்தில் எடுத்தால் கமராவின் நிறச்செறிவை இரண்டு படி குறைத்துவிடுங்கள். மண்டபத்தில் மஞ்சள் குமிழ் என்றால் வெண்சமநிலையை 5600-இல் விட்டுவிடாமல் 3200 பக்கம் கொண்டு வாருங்கள். சிவப்பு அலைவரிசை மட்டும் தனியாக ஏறுவது அப்போதே குறையும். வெளிச்சத்தை இறக்கி எடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் அதன் விலையைக் கட்டுவது முகம்: கறுத்த முகத்தை ஒரு முழு ஸ்டொப் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றினால் கன்னத்தில் புழுதி தெரியும். மூன்றில் இரண்டு ஸ்டொப்புக்கு மேல் நான் போகமாட்டேன்.

கசிவுக்கு உண்மையான மருந்து 4K-இல் எடுத்து HD-இல் கொடுப்பது. 4K கோப்பின் நிறம் 1920×1080. HD-க்குச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்கென ஒரு நிறம் கிடைத்துவிடும். தெரிவுகளின் ஓரமும் அதற்கேற்பத் திருந்தும். கணினி கொஞ்சம் மூச்சு வாங்கும், வன்தட்டு விரைவில் நிரம்பும், அவ்வளவுதான்.

கடைசிக் கோப்பு மறுபடியும் 4:2:0-தான் என்பதை மறக்க வேண்டாம். யூரியூப்புக்கு 4K ஆகவே ஏற்றினால் பெரிய திரையில் பார்க்கிறவர்களுக்கு ஓரம் சுத்தமாக வரும். வாட்ஸப்பில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும் துண்டோ நன்றாக நசுக்கப்படும். அங்கே செறிந்த சிவப்பு முதலில் கட்டம் கட்டமாக உடையும். அந்தத் துண்டுக்கென்றே ஒரு பிரதி எடுத்து, கூறையின் செறிவை இன்னும் ஐந்து வீதம் இறக்கி, உங்கள் போனில் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.